இழப்பைக் கணக்கிட நமக்கென ஒருவர் வேண்டுமா?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையைத் தென்பாண்டிச் சீமையில் வாழ்வோர் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் குடும்பத்தார் தூத்துக்குடியில் நடத்திவரும் சிறிய அச்சகம் தாழ்வான தெரு ஒன்றில் இருக்கின்றது. அங்கே இடுப்பளவு நீர் புகுந்து, இரண்டு நாள்களுக்கும் மேலாக வடியாமல் நின்றது. டிசம்பர் மாதமாதலால் அடுத்த ஆண்டின் நாட்காட்டிகளும், தை மாதத் திருமணங்களுக்கான அழைப்பிதழ்களும், கட்டுக் கட்டாகக் காகிதமும் தரையிலிருந்து அடுக்கப்பட்டிருந்தன. அச்சு இயந்திரத்தின் மோட்டார்களும் மின்பெட்டியும் நீரில் மூழ்கின.

அச்சகத்துக்குக் காப்பீடு இருந்தது. 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழில்களுக்கென 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் ஒரே வடிவில் வழங்கப்படும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்னும் பாலிசி அது. இயந்திரங்களுக்கு 45 இலட்சம், சரக்குக்கு 40 இலட்சம். வெள்ளமும் அதில் அடங்கும். ஆகவே இழப்பீடு கிடைக்குமா என்ற ஐயம் எங்களுக்கு எழவில்லை. எவ்வளவு கிடைக்கும், அதைச் சரியாகப் பெறுவதற்குத் துணையாக ஒருவரை அமர்த்த வேண்டுமா, அமர்த்தினால் அவருக்கு என்ன கொடுப்பது என்பவையே எங்கள் முன் நின்ற கேள்விகள். பெரிய இழப்பு நேர்ந்த வேறு குடும்பங்களுக்கும் இதே கேள்விகள் எழக்கூடும் என்பதால், நாங்கள் கண்டறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் நாட்டில் ‘சர்வேயர் மற்றும் இழப்பு மதிப்பீட்டாளர்’ என்று உரிமம் பெற்றிருப்பவரைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே அமர்த்துகிறது. அவருக்குரிய கட்டணத்தையும் நிறுவனமே கொடுக்கிறது. சிறு தொகைகளைத் தவிர்த்த இழப்புகளில், உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை இன்றிப் பணம் வழங்கலாகாது என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடு. அவர் இரு தரப்புக்கும் நடுநிலையாக நடக்கக் கடமைப்பட்டவர். எனினும் அவர் நம்மவர் அல்லர். இங்கிலாந்தில் ‘லாஸ் அசெஸர்’ என்றால் பொருளை இழந்தவர் பக்கம் நின்று வாதிடுபவர் என்று பொருள். நிறுவனத்தின் பக்கம் வருபவருக்கு ‘லாஸ் அட்ஜஸ்டர்’ என்று வேறு பெயர் உண்டு. நம் நாட்டில் இழந்தவர் பக்கம் நிற்பவரைக் ‘கிளெய்ம் கன்சல்டன்ட்’, அதாவது இழப்பீட்டு ஆலோசகர் என்கின்றனர். அவருக்கென்று இங்கே தனி உரிமமோ, கட்டண வரம்போ கிடையாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இத்தகையோர் அரசின் உரிமம் பெற்றே தொழில் செய்ய வேண்டும். புளோரிடா மாநிலத்தில் பேரிடர்க் கோரிக்கையாயின் முதல் ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என்று சட்டமே வரையறுத்துள்ளது. நமக்கு அத்தகைய வேலி இல்லை. நாமே ஒப்பந்தத்தில் வேலி கட்டிக்கொள்ள வேண்டும்.

நீர் வடிந்த மறுநாளே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் செய்தி அனுப்பினோம். செய்தி கிடைத்த 72 மணி நேரத்துக்குள் சர்வேயரை அமர்த்த வேண்டும் என்பது அன்று நடப்பிலிருந்த விதி. அவ்வாறே ஒருவர் வந்தார். நல்லவர், ஆயினும் அந்த வாரத்தில் தம் கையில் 60 கோரிக்கைகள் இருப்பதாக அவரே சொல்லிப் பெருமூச்செறிந்தார். இதற்கிடையில் ஆலோசகர் மூவர் எங்களைத் தேடி வந்தனர் அல்லது நண்பர்களால் அறிமுகமாயினர்.

முதலாமவர் வெள்ளம் வடியுமுன்னரே தெருத் தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தவர். கிடைக்கும் மொத்தத் தொகையில் 10 விழுக்காடு கேட்டார். “சர்வேயர் நமக்கு வேண்டியவர்தான்; நீங்கள் கவலையே படவேண்டாம், அண்ணாச்சி. எப்படியும் குறைப்பார்கள்; ஆகவே பத்து இலட்சம் கூட்டியே எழுதுவோம். நாட்காட்டி விற்றிருந்தால் வந்திருக்கும் இலாபத்தையும் சேர்த்து வாங்கித் தருகிறேன்” என்றார். எங்கள் அண்ணன் அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அவர் சொன்ன மூன்றுமே தவறு என்பதை இரண்டு நாள்களில் தெரிந்துகொண்டோம். கோரிக்கையில் எந்தப் பகுதியிலேனும் வஞ்சகம் இருப்பின் பாலிசியின் பயன் முழுவதும் பறிபோகும் என்பது பாலிசியிலேயே உள்ள நிபந்தனை. கூட்டி எழுதிய பத்து இலட்சம் மட்டுமன்றி, உண்மையான இழப்பும் சேர்ந்தே போய்விடும். மேலும் வங்கிக் கடன் பெற்ற தொழிலாயின், மாதந்தோறும் வங்கிக்குக் கொடுக்கும் சரக்குக் கணக்கைச் சர்வேயர் கேட்டு வாங்கி ஒப்பிடுவார். அங்கே 46 இலட்சம் என்றும் இங்கே 56 இலட்சம் என்றும் எழுதினால் எவர் நம்புவர்? இலாப இழப்புக்கோ தனிக் காப்பீடு வேண்டும். சரக்குப் பாலிசி அடக்கவிலையை மட்டுமே தரும்.

இரண்டாமவர் ஒரு நகரத்து நிறுவனம். மொத்தத் தொகையில் 5 விழுக்காடும், முன்பணமாக 50,000 ரூபாயும் கேட்டனர். முறையான நிறுவனமே. ஆனால் நேரில் வருபவர் யார், கடிதம் எழுதுபவர் யார் என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

மூன்றாமவர் மதுரையைச் சேர்ந்த முதியவர். நெடுங்காலம் சர்வேயராக இருந்து உரிமத்தை ஒப்படைத்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் அவர் முதலில் கேட்டது பாலிசித் தாளை. அதைப் படித்து முடித்ததும் எவையெல்லாம் கிடைக்கமாட்டா என்பதையே சொல்லத் தொடங்கினார். நாட்காட்டியின் விற்பனை விலை கிடைக்காது, அடக்கவிலையே கிடைக்கும். அச்சகம் மூடிக்கிடந்த நாள்களின் இழப்பு கிடைக்காது. எங்கள் பாலிசியின்படி ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 விழுக்காட்டை நாங்களே ஏற்கவேண்டும். அவருடைய கட்டணத்தையும் பாலிசி தராது. கட்டடத்தையோ இயந்திரத்தையோ மீண்டும் நிறுவுவதற்குப் பொறியாளர் போன்றோருக்குக் கொடுக்கும் கட்டணம் ஓர் அளவுக்கு உண்டு, கோரிக்கையைத் தயாரிப்பவருக்குக் கொடுப்பது அதில் சேராது. இவ்வாறு கைவிரித்துக்கொண்டே போனவரைத்தான் நாங்கள் நம்பினோம்.

கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார் அவர். முதலாவது, ஒரு நாள் நேரில் வந்து பார்த்து, வேண்டிய ஆவணங்களையும் செய்யவேண்டியவற்றையும் எழுதித் தருவதற்கு 25,000 ரூபாய். இரண்டாவது, சர்வேயர் தம் மதிப்பீட்டை எங்கள் ஒப்புதலுக்கு அனுப்பிய பிறகு அது குறைவென்று தோன்றினால் மட்டும் அவர் வாதாடுவார். அந்த மதிப்பீட்டுக்கு மேல் உண்மையில் கைக்கு வரும் கூடுதல் தொகையில் 10 விழுக்காடு. கூடுதல் எதுவும் வராவிடில் அதுவும் இல்லை. மொத்தக் கட்டணம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டலாகாது என்ற ஒரு வரியை நாங்கள் சேர்த்தோம். அவர் எங்கள் சார்பில் எதிலும் கையொப்பமிடவோ பணம் பெறவோ அதிகாரமில்லை என்ற வரியை அவரே சேர்த்தார். இவற்றோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி உண்டு, பதிவு பெற்ற தொழிலாயின் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், வீட்டுக் கோரிக்கையாயின் அது செலவுதான்.

மொத்தத் தொகையில் விழுக்காடு கொடுப்பதற்கும் கூடுதல் தொகையில் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். மொத்தத்தில் பெரும்பகுதி, யாருமே வாதாடாவிட்டாலும் வந்தே தீரும் பணம். அதில் பங்கு கொடுப்பது, மழைக்குக் குடை பிடித்தவனுக்கு வயலின் விளைச்சலில் பங்கு கொடுப்பதைப் போன்றது. ஆனால் கூடுதலில் மட்டும் பங்கு என்பதற்கு, எந்த நாளில் எந்தத் தொகைக்கு மேல் என்று ஒரு கோடு வேண்டும். அந்தக் கோடு சர்வேயரின் மதிப்பீட்டுத் தாள். அது வருவதற்கு முன் பெறும் அறிவுரைக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்துவிடுவதே நேர்மையான ஏற்பாடு.

முதல் நாளில் அவர் சொன்னவற்றுள் இரண்டு பெரும்பயன் தந்தன. நனைந்த காகிதத்தை வெளியே எறியாதீர்கள், அதே வேளையில் வைத்துக்கொண்டும் இராதீர்கள் என்றார். நனைந்த காகிதம் சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து, கழிவுக் காகித வியாபாரியும் வேண்டாமென்று சொல்லும் நிலைக்கு வந்துவிடும். ஆயினும் சர்வேயரின் எழுத்து மூல இசைவின்றி விற்றால் பின்னர் அதன் மதிப்பை அவர் விருப்பம்போல் எழுதலாம். ஆகவே மூன்று வியாபாரிகளிடம் விலைக்குறிப்பு வாங்கி, அவற்றைச் சர்வேயருக்கு அனுப்பி, இன்ன நாளில் உயர்ந்த விலைக்கு விற்கப்போகிறோம், மறுப்பு இருப்பின் தெரிவிக்கவும் என்று கடிதம் எழுதச் செய்தார். இசைவுக் கடிதம் நான்காம் நாள் வந்தது. 1,20,000 ரூபாய்க்கு விற்றோம். 2024ஆம் ஆண்டு நாட்காட்டிகள் எடைக்கு எடை கழிவுக் காகிதமாகவே போயின.

மற்றொன்று, ஒவ்வொரு கட்டுக் காகிதமும் யாருடையது என்று எழுதி ஒரு பட்டியல் தயாரிக்கச் சொன்னார். இது எதற்கென்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. எங்கள் அச்சகத்தில் குறிப்பேடு வெளியிடும் ஒருவர் தம் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கூலிக்கு அச்சடித்துக் கொள்வது வழக்கம். அவருடைய காகிதமும் எங்கள் காகிதமும் ஒரே கூடத்தில் கிடந்தன.

பிறகு அவர் மதுரைக்குப் போய்விட்டார். நாங்களும் எங்கள் தணிக்கையாளரும் கொள்முதல் பட்டியல்கள், இருப்புக் கணக்கு, நவம்பர் மாத வங்கி அறிக்கை, இயந்திரப் பழுது மதிப்பீடு, படங்கள் ஆகியவற்றைத் திரட்டிச் சர்வேயரிடம் கொடுத்தோம். இந்த வேலைக்கு ஆலோசகர் தேவையே இல்லை. கணக்கு ஒழுங்காக இருக்கும் குடும்பம் தானே செய்துகொள்ளலாம். பாலிசியைத் தரகு நிறுவனம் மூலம் எடுத்திருந்தால், கோரிக்கையில் உதவுவதும் அவர்கள் பணியே. தனிக் கட்டணமின்றிக் கேட்கலாம். எங்களுக்கு முகவர் இருந்தார். அவர் படிவங்களை நிரப்ப உதவினார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று.

மார்ச்சு மாதத்தில் சர்வேயரின் மதிப்பீட்டுத் தாள் வந்தது. இயந்திரப் பழுதுக்கு நாங்கள் கேட்ட 8,60,000 ரூபாயையும் ஏற்றிருந்தார். சரக்கில் எங்கள் இழப்பு 26 இலட்சம் என்பதையும் ஏற்றிருந்தார். நனைந்த சரக்கின் மீதி மதிப்பாக 3 இலட்சத்தைக் கழித்திருந்தார். எஞ்சிய 23 இலட்சத்தை அப்படியே தராமல் 17,69,000 ரூபாயாக இறக்கியிருந்தார். காரணமாக ஒரே வரி: ‘காப்பீட்டுத் தொகை குறைவு’.

இந்த ஒற்றை வரியில்தான் பெரிய கோரிக்கைகள் பலவும் கரைந்துபோகின்றன. ஆகவே இதைச் சற்று விளக்குகிறோம். 52 இலட்சம் மதிப்புள்ள சரக்கை 40 இலட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், எஞ்சிய 12 இலட்சத்துக்கு உரிமையாளரே காப்பாளர் என்று கருதப்படுவார். அதனால் சரக்கில் ஒரு பகுதி மட்டும் அழிந்தாலும், அவ்விழப்பில் 52க்கு 40 என்ற பங்கையே நிறுவனம் தரும். 23 இலட்சத்தை 40ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் சர்வேயரின் தொகை வந்துவிடுகிறது. ஆயினும் எங்கள் பாலிசி வகையில் ஒரு சலுகை உண்டு. குறைவு 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் அதைக் கணக்கில் கொள்வதில்லை. 52க்கு 12 என்பது 23 விழுக்காடு. ஆகவே சலுகை கிட்டவில்லை. (வீடுகளுக்கான ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் இந்தக் குறைப்பே கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.)

எங்கள் தணிக்கையாளர், “இது வழக்கமாகச் செய்வதுதான், ஒப்புதல் கொடுத்துவிடுங்கள்” என்றார். மதுரைப் பெரியவரோ தொலைபேசியிலேயே, “அந்த 52 இலட்சம் எப்படி வந்தது என்று விவரத் தாள் கேளுங்கள்” என்றார். கேட்டோம், வந்தது. வெள்ளத்துக்கு அடுத்த வாரம் கூடத்தில் கிடந்த காகிதம் அனைத்தையும் சர்வேயரின் உதவியாளர் எண்ணியிருந்தார். எங்கள் சரக்கு 46 இலட்சம். குறிப்பேட்டுக்காரரின் காகிதம் 6 இலட்சம். இரண்டையும் கூட்டி 52 ஆக்கியிருந்தார். ஆனால் எங்கள் பாலிசி எங்களுக்குச் சொந்தமான சரக்கை மட்டுமே காப்பது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அது குறிப்பிடவில்லை. குறிப்பேட்டுக்காரரின் காகிதம் நனைந்ததற்குச் சர்வேயரும் ஒரு ரூபாய்கூட எழுதவில்லை. இழப்பைக் கணக்கிடும்போது பிறர் பொருள் என்று விலக்கிவிட்டு, இருப்பைக் கணக்கிடும்போது எங்கள் பொருளாகச் சேர்ப்பது எவ்வாறு பொருந்தும்?

ஆறு இலட்சத்தை நீக்கினால் இருப்பு 46 இலட்சம். குறைவு 6 இலட்சம். அதாவது 13 விழுக்காடு. சலுகை வரம்புக்குள் வந்துவிடுகிறது, குறைப்பே இல்லை.

இதை நான்கு பக்கக் கடிதமாக அவர் எழுதினார். எங்கள் பெயரில், எங்கள் கையொப்பத்துடன் அது போயிற்று. சர்வேயர்கள் சிலர் ஆலோசகரோடு நேரில் பேச விரும்புவதில்லை. நிறுவனத்துக்கும் அவரோடு பேசும் கடமை இல்லை. ஆதலால் அவர் திரைக்குப் பின்னால் இருந்தே வேலை செய்தார். கடிதத்தோடு இணைத்தவையே கடிதத்தைவிட வலிமை வாய்ந்தவை: முதல் வாரத்தில் தயாரித்த அந்தப் பட்டியல், சரக்கு வரவுப் பதிவேடு, காகிதத்தோடு வந்த டெலிவரி சலான்கள், அக்காகிதம் தம் கணக்கில் தம் இருப்பாகவே உள்ளது என்று குறிப்பேட்டுக்காரர் கொடுத்த கடிதம். அவற்றோடு, நனைந்த காகிதத்தை விற்ற பட்டியலும் சர்வேயரின் சொந்த இசைவுக் கடிதமும் சேர்ந்தன. அக்கடிதம் இருந்ததால் 3 இலட்சம் என்ற மீதி மதிப்பு 1,20,000 ஆயிற்று. மூன்று வாரங்களில் சர்வேயர் இரண்டையும் திருத்தி அறிக்கை கொடுத்தார். அவர் மறுத்திருந்தாலும் வழி அடைபட்டிருக்காது. சர்வேயரின் அறிக்கையே முடிந்த முடிபன்று என உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. குறுந்தொழில்களும் தனிமனிதரும் 50 இலட்சம் வரையிலான முறையீட்டைச் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம். அங்கே இழந்தவரேதான் பேச வேண்டும். வழக்கறிஞருக்கோ ஆலோசகருக்கோ இடமில்லை. ஆகவே, குறைதீர்ப்பாளரிடம் தாமே வாதாடித் தருவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இனி எங்கள் வரவு செலவைச் சொல்கிறோம். முதல் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் கொடுத்திருந்தால், சரக்கும் இயந்திரமும் சேர்த்து, எங்கள் 5 விழுக்காடு போக, ஏறத்தாழ 24,98,000 ரூபாய் வந்திருக்கும். திருத்திய பின் வந்தது 31,73,000 ரூபாய். கூடுதல் 6,75,000. அதில் 10 விழுக்காடு 67,500. முன்னர்க் கொடுத்த 25,000. வரியுடன் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,09,000 ரூபாய் அவருக்குச் சென்றது. தெருவில் சுற்றியவருக்கு இணங்கியிருந்தால், இதே தொகை கிடைத்திருந்தாலும், வரியுடன் 3,74,000 ரூபாய் கொடுத்திருப்போம். கூடுதலில் பாதிக்கு மேல் அவர் பைக்குப் போயிருக்கும்.

ஆலோசகரால் பயன் உண்டா என்று கேட்போருக்கு எங்கள் விடை இந்தக் கணக்கிலேயே இருக்கின்றது. கூடுதலில் ஐந்து இலட்சம், ஒரு விவரத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு பிழையைக் கண்டதனால் வந்தது. அதைக் காணும் கண் எங்களுக்கு இல்லை, தணிக்கையாளருக்கும் இல்லை. இயந்திரப் பழுது 8,60,000 ரூபாயில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை; பழுது பார்த்தவரின் பட்டியலே அதற்குப் போதுமாயிருந்தது. கட்டடம், இயந்திரம், சரக்கு என்று பல பிரிவுகள் கலந்து, இருப்பின் மதிப்பைப் பற்றியே கருத்து வேறுபாடு எழக்கூடிய கோரிக்கையில் அவருக்கு வேலை இருக்கின்றது. ஒரே பொருள், ஒரே பட்டியல், இரண்டு மூன்று இலட்சம் என்றால், கட்டணம் கொடுத்து ஆள் தேடுவதில் பொருளில்லை என்றே எண்ணுகிறோம். காப்பீட்டுத் தொகை உண்மையிலேயே மிகக் குறைவாக இருந்தால் எந்த ஆலோசகராலும் அதை நிரப்ப முடியாது. நாட்காட்டியின் விற்பனை இலாபமும் வரவில்லை. அவர் முதல் நாள் சொன்னபடியேதான்.

பணம் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். சரக்கும் இயந்திரமும் வங்கிக் கடனுக்கு ஈடாக இருந்தமையால், பாலிசியில் வங்கியின் பெயரும் இருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் நிறுவனம் தொகையை எங்கள் கையில் கொடுக்கவில்லை. நேரே வங்கியின் கடன் கணக்கில் வரவு வைத்தது. ஆலோசகருக்குரிய கட்டணத்தை நாங்கள் வேறிடத்தில் புரட்டித்தான் கொடுத்தோம். ‘பணம் கிடைத்த 15 நாள்களுக்குள்’ என்று ஒப்பந்தம் எழுதுவோர், எந்தக் கணக்கில் கிடைக்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்வது நன்று.

ஒன்று மட்டும் எங்கள் அண்ணனை உறுத்திக்கொண்டிருந்தது. எந்தக் காகிதம் எங்களுடையது அன்று என்று மெய்ப்பித்ததனால் எங்களுக்கு ஐந்து இலட்சம் வந்ததோ, அதே காகிதத்தில் 2 இலட்சம் பெறுமானது நனைந்து போயிருந்தது. குறிப்பேட்டுக்காரரிடம் காப்பீடு இல்லை. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று சலானில் அச்சிட்டிருந்ததால் அவர் எதுவும் கேட்கவும் இல்லை. கேட்டவுடன் கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். ஜூலை மாதத்தில் அண்ணன் அவர் வீட்டுக்குப் போய், கூலியில் மாதந்தோறும் கழித்துக்கொள்ளுமாறு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். 2 இலட்சத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் வாங்கமாட்டேன் என்று அவர் பிடிவாதம் செய்தாராம். இதுவரை 90,000 கழிந்திருக்கின்றது. இவ்வாண்டு பாலிசியைப் புதுப்பிக்கையில், ‘பிறர் நம்பி ஒப்படைத்த சரக்கு’ என்ற சொற்களையும் அதற்குரிய தொகையையும் தனி வரியாகச் சேர்த்திருக்கிறோம்.